ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்: பினாங்கு அச்சகம் ஒன்றின் இரு சேமிப்புகளை ஒப்பிட்ட நிகழ்வு

பின்னணி

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு சிறிய தமிழ் அச்சகம் கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், பொங்கல், தீபாவளிச் சிறப்பிதழ்கள் போன்றவற்றை நீண்ட காலமாக அச்சிட்டு வருகிறது. பழைய மலர்களிலிருந்து பக்கங்களையும் படங்களையும் கேட்டு வருவோர் பெருகியதால், கையிருப்பில் இருந்த அச்சுப் பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேமிக்கும் பணி அங்கே சில ஆண்டுகளாக நடந்துவந்தது. ஒவ்வொரு பக்கமும் ஏ4 அளவில், 300 டிபிஐ நுணுக்கத்தில், வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாகச் சேமிக்கப்பட்டது. அவ்வாறு சேர்ந்தவை ஏறக்குறைய 22,000 பக்கங்கள். அளவில் சுமார் 570 ஜிபி.

இந்தத் தொகுப்புக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று, நாஸ் என்று அலுவலகத்தில் அனைவரும் அழைத்த வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியில் இருந்தது. மற்றொன்று, கணக்கர் பயன்படுத்திய விண்டோஸ் கணினியோடு இணைக்கப்படும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று எடுக்கப்பட்டவை அல்ல என்பது இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முக்கியமானது. ஸ்கேனர் தன் கோப்புகளை ஒரு யூஎஸ்பி பென் டிரைவில் எழுதும். அந்தப் பென் டிரைவை நாஸின் முகப்பில் செருகி நகல் பொத்தானை அழுத்துவார்கள். பிறகு அதையே கணினியில் செருகி, வெளி டிஸ்க்குக்கும் ஒரு முறை நகலெடுப்பார்கள். நாஸில் விழுந்த கோப்புகளை வடிவமைப்பாளர் தம்முடைய பழைய மேக் கணினிக்கு எடுத்து, மலர் வாரியாகத் தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைகளில் அடுக்குவார். அவை இரவில் ஓடும் ஒரு `rsync` கட்டளையின் மூலம் நாஸுக்குத் திரும்பும். வெளி டிஸ்க்கில் அதே அடுக்குமுறையைக் கணக்கர் விண்டோஸில் கையால் செய்தார். கோப்புறைப் பெயர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், இரண்டு பிரதிகளும் ஒன்றே என்ற நம்பிக்கை அலுவலகத்தில் நிலவியது.

நாஸில் இருந்த டிஸ்க்குகளுள் ஒன்று பழுதடையும் அறிகுறிகளைக் காட்டத் தொடங்கியபோது, புதிய நாஸ் ஒன்று வாங்கப்பட்டது. பழையதை அழித்து ஒதுக்குவதற்கு முன், இரண்டு பிரதிகளில் எது முழுமையானது என்று சொல்லுமாறு உரிமையாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்கள் அவை. தண்ணீர்மலைக்குச் செல்லும் அன்பர்களுக்கான வெளியீடுகள் அச்சில் இருந்ததால், எந்தக் கணினியையும் பகலில் நீண்ட நேரம் பிடித்துவைக்க இயலாத நிலை இருந்தது.

முதலில் காணப்பட்டவை

இரண்டு மேல்நிலைக் கோப்புறைகளின் பண்புகளைத் திறந்து பார்த்ததில், நாஸில் வெளி டிஸ்க்கை விட 225 கோப்புகள் கூடுதலாக இருந்தன. அந்த எண்ணிக்கையைக் கண்டதும் உரிமையாளருக்கு ஒரு தீர்வு தோன்றியது. "தம்பி, நாஸ்ல இருக்கிறத அப்படியே டிஸ்க்குல போட்டு, டிஸ்க்குல வேற ஏதும் இருந்தா அழிச்சிட்டா ரெண்டும் ஒண்ணாயிடுமே?" என்று அவர் கேட்டார். விண்டோஸில் `robocopy` கட்டளையின் `/MIR` விருப்பம் செய்வது துல்லியமாக இதைத்தான். ஆனால் அது மூலப் பக்கத்தை முழு உண்மையாக எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் மட்டும் உள்ளவற்றை நீக்கிவிடும். 225 என்பது இரு பக்க எண்ணிக்கைகளின் கழித்தல் விடைதான். நாஸில் மட்டும் 225 கோப்புகள் இருந்தாலும் அது வரும், நாஸில் மட்டும் 1,225 கோப்புகளும் டிஸ்க்கில் மட்டும் 1,000 கோப்புகளும் இருந்தாலும் அதே விடைதான் வரும். எனவே எந்த ஒத்திசைவையும் அப்போதைக்கு ஓட்டுவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது.

அலுவலகக் கணினியில் வின்மெர்ஜ் நிறுவப்பட்டிருந்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் இந்தக் கருவி இரண்டு கோப்புறைகளை அருகருகே எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளவை, இரு பக்கமும் இருந்து வேறுபடுபவை, ஒன்றாக இருப்பவை என்று பட்டியலிடும். ஒப்பிடும் முறையை அதன் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். விரைவு கருதி `Modified Date and Size` என்ற முறையில் ஓட்டியபோது, ஏறத்தாழ எல்லாக் கோப்புகளும் வேறுபட்டவை என்றே பட்டியல் வந்தது. இத்தகைய பட்டியலைச் சிலர் கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார்கள். சிலர் எல்லாம் கெட்டுவிட்டது என்று அஞ்சுவார்கள். வேறுபாட்டின் அளவு எல்லா வரிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே இந்த இடத்தில் பயனுள்ளது. இருந்தது: ஒரு பக்கம் வெளி டிஸ்க்கில் பிற்பகல் 2:10 என்று காட்டினால், அதே பக்கம் நாஸில் இரவு 10:10 என்று காட்டியது. எந்தக் கோப்பை எடுத்தாலும் இடைவெளி சரியாக 8 மணி நேரம்.

காரணம் பென் டிரைவில் இருந்தது. அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டது. அந்த முறையில் கோப்பின் நேரம் உள்ளூர்க் கடிகார நேரமாக மட்டுமே எழுதப்படும். எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு இருக்காது. விண்டோஸ் அதை மலேசிய நேரமாகச் சரியாகப் படித்தது. நாஸின் உள்ளே இருந்த லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு, திரையில் காட்டும்போது மேலும் 8 மணி நேரத்தைக் கூட்டியது. ஆகவே தேதி ஒப்பீடு இந்தக் கட்டத்தில் பயன்படவில்லை; ஆனால் இடைவெளி ஒரே சீராக இருப்பதைக் குறித்துவைத்துக்கொண்டோம். அது பின்னர் மிகவும் உதவியது.

தேதியை விட்டுவிட்டு அளவை மட்டும் ஒப்பிடலாமே என்ற யோசனையும் எழுந்தது. சுருக்கப்படாத டிஃப் கோப்புகளுக்கு அது பொருந்தாது. ஏ4 பக்கம் 300 டிபிஐ-யில் 2480 × 3508 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் என்பதால், அதில் முழுப் பக்கக் கட்டுரை இருந்தாலும் வெறும் வெள்ளைத் தாள் இருந்தாலும் கோப்பின் அளவு ஏறக்குறைய 26 எம்பி-யாகவே அமையும். 41-ஆம் பக்கம் 42-ஆம் பக்கத்தின் பெயரில் கிடந்தாலும் அளவு ஒப்பீடு இரண்டையும் ஒன்றென்றே சொல்லும். ஆக, உள்ளடக்கத்தைப் பைட்டுக்குப் பைட்டு படித்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

உள்ளடக்க ஒப்பீடு

உள்ளடக்க ஒப்பீட்டை என் லினக்ஸ் மடிக்கணினியில் இரவு நேரத்தில் ஓட்ட முடிவு செய்தோம். நாஸின் பகிர்வையும் வெளி டிஸ்க்கையும் படிப்பதற்கு மட்டும் அனுமதியுள்ள முறையில், அதாவது `ro` விருப்பத்தோடு இணைத்தோம். பழுதடையும் நிலையில் உள்ள டிஸ்க்கில் தவறுதலாகக்கூட எதுவும் எழுதப்படக் கூடாது என்பது ஒரு காரணம். ஒப்பீடு நடக்கும்போது இரு பக்கமும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரவு நேர `rsync` கட்டளையும் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு ஓட்டிய கட்டளை இது:

```
diff -rq -x .DS_Store -x '._*' -x Thumbs.db \
  /mnt/nas/malar /mnt/veli/malar > veru.txt
```

`-r` உள்கோப்புறைகளுக்குள்ளும் செல்லச் சொல்கிறது. `-q` வேறுபாட்டின் விவரத்தை விட்டு, வேறுபடுகிறது என்பதை மட்டும் சொல்லச் சொல்கிறது. `-x` மேக்கும் விண்டோஸும் தாமாகவே உருவாக்கும் துணைக் கோப்புகளை விலக்குகிறது. `diff` தேதியைப் பார்ப்பதே இல்லை என்பதால் 8 மணி நேரச் சிக்கல் இங்கே எழவில்லை. 570 ஜிபி-யை இரு பக்கத்திலிருந்தும் முழுமையாகப் படிக்க வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் ஒரு மணி நேரம் 35 நிமிடங்களில் முடியும். நாஸ் பழையது என்பதால் அதற்கும் கூடுதலாகவே ஆனது.

வந்த அறிக்கையில் `Only in /mnt/nas` என்று தொடங்கும் வரிகள் 58, `Only in /mnt/veli` என்று தொடங்கும் வரிகள் 61, `differ` என்று முடியும் வரிகள் 9 இருந்தன. வேறுபட்டவை என்று வந்த ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்டு திகைத்திருந்த அலுவலகத்துக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆயினும் வரிகளைப் படித்துப் பார்த்தபோது ஒரு முரண்பாடு தெரிந்தது. ‘கோவில் மலர்’ என்ற கோப்புறை நாஸில் மட்டும் உள்ளதாக ஒரு வரி சொன்னது. அதே ‘கோவில் மலர்’ வெளி டிஸ்க்கில் மட்டும் உள்ளதாக இன்னொரு வரி சொன்னது. ‘தோட்டப் பள்ளிகள்’ என்ற கோப்புறைக்கும் அதே நிலை. திரையில் இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இணையாத பெயர்கள்

வழக்கமாக இத்தகைய இடத்தில் பெயரின் இறுதியில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தைத்தான் முதலில் தேடுவோம். அது இங்கே இல்லை. இணையாத பெயர்களை மட்டும் தனியே எழுதிப் பார்த்தபோது வேறொரு ஒழுங்கு புலப்பட்டது: கோவில், தோட்டம், பொங்கல், தொழிலாளர் என்று, அவை அனைத்திலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் ஒன்றாவது இருந்தது. தீபாவளி மலர், தைப்பூச மலர், பள்ளி ஆண்டு மலர் ஆகியவை சிக்கலின்றி இணைந்திருந்தன. பெயரின் பைட்டுகளைத் திறந்து பார்த்ததும் செய்தி உறுதியானது:

```
$ ls /mnt/veli/malar | grep வில் | head -c 6 | xxd -p
e0ae95e0af8b
$ ls /mnt/nas/malar | grep வில் | head -c 9 | xxd -p
e0ae95e0af87e0aebe
```

யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டை (U+0BCB) இடலாம். அல்லது ஏகாரக் குறியையும் (U+0BC7) காலையும் (U+0BBE) தனித்தனியே அடுத்தடுத்து இடலாம். இரண்டும் சமமானவை என்று யூனிகோடு தரமே வரையறுக்கிறது. எழுத்துருவும் இரண்டையும் ஒரே வடிவில் வரைகிறது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே பிரிப்பு உண்டு. ஐகாரக் குறிக்கு இல்லை, அதனால்தான் ‘தைப்பூச மலர்’ தப்பியது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை, நாம் எப்படித் தட்டச்சு செய்தாலும், பெயரைப் பிரித்த வடிவுக்கு மாற்றியே சேமிக்கும். `rsync` அந்தப் பைட்டுகளை அப்படியே நாஸுக்குக் கொண்டுசென்றது. விண்டோஸில் கணக்கர் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவில் அப்படியே நின்றது. லினக்ஸின் கோப்பு முறைமையும் சரி, விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் சரி, இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. `diff` பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. இந்த அளவில் கருவி சொன்னது பிழையே அல்ல.

வடிவமைப்பாளரிடம் இதைச் சொன்னபோது, நாஸில் ‘பொங்கல் மலர்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே இருப்பதைத் தாம் முன்பே கவனித்ததாகவும், பெட்டி பழையதாகிவிட்டதால் வந்த கோளாறு என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் கூறினார். ஒன்று மேக்கிலிருந்து வந்தது. மற்றொன்று, கணக்கர் ஒருமுறை விண்டோஸிலிருந்து நேரடியாக நாஸில் உருவாக்கியது. ஒரே இடத்தில் ஒரே பெயர் இரண்டு முறை இருப்பது என்பது நடக்கவே முடியாத ஒன்று. அப்படித் தெரிந்தால் பெயர்களின் பைட்டுகளைத்தான் ஐயுற வேண்டும்.

மூன்றாவது பிரதி என்ற முடிவு

பெயர்களைச் சீராக்காமல் ஒப்பீட்டைத் தொடர முடியாது; ஆனால் மூலப் பிரதிகளில் கை வைப்பதில்லை என்றும் தீர்மானித்திருந்தோம். எனவே பழைய நாஸின் உள்ளடக்கம் முழுவதையும் `rsync -a` கொண்டு புதிய நாஸுக்கு நகலெடுத்து, அந்த மூன்றாவது பிரதியை மட்டும் திருத்துவது என்று முடிவானது. எப்படியும் தொகுப்பு அங்கேதான் செல்லவிருந்தது என்பதால் இந்த வேலை வீணாகவில்லை.

பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்ற `convmv` பயன்பட்டது. இந்தக் கருவி இயல்பாக எதையும் மாற்றாது. என்ன மாற்றும் என்பதை மட்டும் காட்டும். பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகு `--notest` சேர்த்தால்தான் பெயர்கள் உண்மையில் மாறும்.

```
convmv -r -f utf8 -t utf8 --nfc /mnt/pudhu/malar
convmv -r -f utf8 -t utf8 --nfc --notest /mnt/pudhu/malar
```

‘பொங்கல் மலர்’ மட்டும் மாறவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்புறை இருப்பதாகச் சொல்லி கருவி அதைத் தவிர்த்தது. இரண்டையும் திறந்து பார்த்து, உள்ளே ஒரே பெயருள்ள கோப்புகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கையால் ஒன்றாக்கினோம்.

எண்ணிக்கை கூடியது ஏன்

இப்போது புதிய நாஸையும் வெளி டிஸ்க்கையும் அதே `diff` கட்டளையால் ஒப்பிட்டபோது, நாஸ் பக்கத்தில் மட்டும் உள்ள வரிகள் 58-லிருந்து 11 ஆகவும், டிஸ்க்கில் மட்டும் உள்ள வரிகள் 61-லிருந்து 6 ஆகவும் குறைந்தன. வேறுபடும் கோப்புகளோ 9-லிருந்து 26 ஆகக் கூடின. அலுவலகத்தில் பலருக்கு இது புதிராக இருந்தது. நகலெடுக்கும்போது ஏதோ கெட்டுவிட்டது என்று கணக்கர் கவலைப்பட்டார். ஒரு கோப்புறை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதாக `diff` கருதினால், அதற்கு ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே சென்று எதையும் ஒப்பிடாது. ‘கோவில் மலர்’ கோப்புறையில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன. பெயர் இணையாத வரை அவற்றுள் ஒன்றுகூட ஒப்பிடப்படவே இல்லை. முதல் அறிக்கையில் அவை வேறுபட்டவை என்றும் வரவில்லை, ஒன்றானவை என்றும் வரவில்லை. சேதமடைந்த பக்கங்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன.

இதே காரணத்தால், 11 வரிகள் என்பதை 11 கோப்புகள் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்த வரிகள் குறித்த கோப்புறைகளை விரித்து `find` கொண்டு எண்ணியபோது, நாஸ் பக்கத்தில் மட்டும் 412 கோப்புகளும் டிஸ்க்கில் மட்டும் 187 கோப்புகளும் இருந்தன. கழித்தால் அதே 225. உரிமையாளர் முதலில் எண்ணியபடி டிஸ்க்கை நாஸின் பிரதிபிம்பமாக்கியிருந்தால், அந்த 187-ம் போயிருக்கும். அவற்றில், நாஸ் நிரம்பியிருந்த ஒரு காலத்தில் டிஸ்க்கில் மட்டும் சேமிக்கப்பட்ட ஒரு தோட்டப் பள்ளியின் மலர் முழுமையாக இருந்தது. அந்தப் பள்ளியின் அச்சுப் பிரதி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. (வின்மெர்ஜ் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: அதன் அமைப்புகளில் `Include unique subfolders contents` என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள கோப்புறைகளின் உள்ளடக்கமும் பட்டியலில் விரியும்.)

எது சரியான பிரதி

இருபுறமும் இருந்து, அளவும் ஒன்றாக இருந்து, உள்ளடக்கம் மட்டும் மாறுபட்ட 26 கோப்புகள் மிஞ்சின. ஒப்பீட்டுக் கருவி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டும் வேறு என்பதை அது சொல்லும். எது சரி என்பதைச் சொல்ல அதனிடம் ஆதாரம் இல்லை. முதலில் ஒதுக்கிவைத்த தேதியை இப்போது மீண்டும் எடுத்தோம். யாரும் தொடாத கோப்புக்கு இரு பக்க நேரங்களின் இடைவெளி சரியாக 8 மணி நேரமாக இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆகவே, இடைவெளி 8 மணி நேரமாக இருந்தும் உள்ளடக்கம் மாறியிருந்தால், அது யாரும் செய்த திருத்தம் அல்ல, சேதம். இடைவெளி வேறாக இருந்தால், யாரோ ஒரு பிரதியைத் திறந்து திருத்திச் சேமித்திருக்கிறார்கள். இந்த அளவுகோலின்படி 17 கோப்புகள் சேதமென்றும் 9 கோப்புகள் திருத்தமென்றும் பிரிந்தன.

சேதமான கோப்புகளில் முதல் வேறுபாடு எந்தப் பைட்டில் தொடங்குகிறது என்பதை `cmp` காட்டும். ஒரு கோயில் மலரின் பக்கத்துக்கு அது 18,874,369 என்று வந்தது. வெறும் எண்ணாகத் தோன்றும் இது, 18 × 1,048,576-க்கு அடுத்த பைட். அதாவது முதல் 18 மெபிபைட்டுகள் சரியாக இருந்து, அடுத்த பைட்டிலிருந்து வேறுபாடு தொடங்குகிறது. `xxd` கொண்டு அந்த இடத்தைப் பார்த்தால், வெளி டிஸ்க்கின் பிரதியில் அங்கிருந்து கோப்பின் முடிவு வரை பூச்சியங்களே இருந்தன. வின்மெர்ஜில் இரு பிரதிகளையும் படங்களாகத் திறந்தபோது, டிஸ்க்கில் இருந்த பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கால் பங்குக்கும் சற்று மேல் முழுக் கறுப்பாக இருந்தது.

சேதம் இவ்வளவு நேர்த்தியான எல்லையில் தொடங்குவது, டிஸ்க் தேய்ந்ததால் வரும் பழுதுக்கு இயல்பானதன்று. எழுதுதல் பாதியில் அறுந்ததற்கே இயல்பானது. விண்டோஸ் கோப்பின் பெயரையும் அளவையும் தேதியையும் பதிந்துவிட்டு, உள்ளடக்கத்தின் கடைசிப் பகுதியை நினைவகத்திலேயே வைத்திருந்த நேரத்தில் டிஸ்க்கின் கம்பி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத பகுதியை என்டிஎஃப்எஸ் பூச்சியங்களாகத் திருப்பித் தரும். அதனால்தான் பெயர், அளவு, தேதி என்ற மூன்றும் குறையின்றி இருந்தன. 17-இல் 16 கோப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவை அனைத்துக்கும் நாஸ் பிரதி நலமாக இருந்தது. கணக்கரிடம் கேட்டபோது, "நகல் பெட்டி மறைஞ்சதும் கழட்டிருவேன் தம்பி, அதான் முடிஞ்சிருச்சேன்னு" என்றார். பெட்டி மறைவதும் எழுதி முடிவதும் ஒன்றல்ல என்பது பயனருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே இதை அவருடைய கவனக்குறைவாக நான் பதிவு செய்யவில்லை.

17-ஆவது கோப்பு வேறு வகை. அதில் `cmp -l` மூன்றே பைட்டுகள் மாறியிருப்பதாகக் காட்டியது. அவை பக்கத்தின் நடுவே, வெள்ளைப் பகுதியில் இருந்தன. கண்ணால் பார்த்து எது மூலம் என்று சொல்ல இயலவில்லை. நாஸ் டிஸ்க்கின் நிலையை வைத்து அதன் பிரதியை ஐயுறலாம். ஆனால் அது ஊகமே. அச்சுப் பிரதி கைவசம் இருந்ததால் அந்தப் பக்கம் மீண்டும் ஸ்கேன் செய்யப்பட்டது.

திருத்தப்பட்ட 9 பக்கங்களில் இரு பிரதிகளும் நலமாக இருந்தன. சாய்ந்திருந்த பக்கங்களை வடிவமைப்பாளர் நேராக்கியிருந்தார். நேராக்கிய பின் அதே அளவுக்கு வெட்டியதால் கோப்பின் அளவு மாறவில்லை. நேராக்கியதே மேல் என்று உரிமையாளர் கருதினார். நேராக்கும்போது விளிம்பில் சிறிது வெட்டுப்படும் என்பதால், திருத்தாத மூலத்தையும் தனிக் கோப்புறையில் வைத்திருக்கலாம் என்று நான் பரிந்துரைத்தேன், அது ஏற்கப்பட்டது.

விளைவு

டிஸ்க்கில் மட்டும் இருந்த 187 கோப்புகளும் புதிய நாஸில் சேர்க்கப்பட்டன. சேதமான 16 பக்கங்களுக்குப் புதிய நாஸில் ஏற்கெனவே நல்ல பிரதி இருந்ததால் அங்கே மாற்றம் தேவைப்படவில்லை. பிறகு வெளி டிஸ்க்கை அழித்து, புதிய நாஸிலிருந்து மீண்டும் முழுமையாக நகலெடுத்து, `diff -rq` ஓட்டியபோது அறிக்கை வெறுமையாக வந்தது. வெறும் அறிக்கையை அப்படியே நம்பாமல், டிஸ்க்கில் ஒரு சோதனைக் கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றியும், இன்னொன்றை நீக்கியும் மீண்டும் ஓட்டி, இரண்டும் அறிக்கையில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டோம். பாதை தவறாகத் தரப்பட்டு, ஒரே கோப்புறையை அதனோடே ஒப்பிட்டுவிட்டாலும் அறிக்கை வெறுமையாகத்தான் வரும் என்பதால் இந்தச் சோதனை தேவைப்பட்டது. பழைய நாஸின் டிஸ்க்குகள் தைப்பூசம் முடியும் வரை அழிக்கப்படாமல் அலமாரியில் வைக்கப்பட்டன.

மாற்றப்பட்டவையும் எஞ்சியவையும்

நாஸின் நகல் பொத்தான் முடக்கப்பட்டது. பென் டிரைவிலிருந்து கோப்புகள் இனி ஒரு வழியில் மட்டுமே நாஸுக்குச் செல்கின்றன, வெளி டிஸ்க் நாஸிலிருந்து மட்டுமே நகலெடுக்கிறது. இரண்டு பிரதிகளும் தனித்தனியே வளரும் நிலை இதனால் நீங்கியது. கோப்புறைப் பெயர்களை ரோமன் எழுத்துக்கு மாற்றிவிட்டால் என்ன என்ற பேச்சும் வந்தது. அது தேவையற்றது என்று கருதினேன். ஒவ்வோர் இரவும் `rsync` முடிந்த பிறகு `convmv`-ஐச் சோதனை முறையில் ஓட்டி, மாற்ற வேண்டிய பெயர் ஏதேனும் இருந்தால் தெரிவிப்பதே போதுமானது. மேக்கிலிருந்து செல்லும் கட்டளையில் `--iconv=UTF-8-MAC,UTF-8` சேர்த்தால் பெயர்கள் வழியிலேயே சேர்ந்த வடிவுக்கு மாறிவிடும். ஆனால் அந்தக் கணினியில் இருந்த பழைய `rsync` இந்த விருப்பத்தை ஏற்கவில்லை.

அடுத்து இப்படியொரு ஐயம் எழும்போது எது சரி என்று சொல்ல ஆதாரம் வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கோப்புக்கும் `sha256sum` எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டது. அந்த மூன்று பைட்டுகள் மாறிய பக்கத்துக்கு இத்தகைய பட்டியல் முன்பே இருந்திருந்தால், மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டி வந்திருக்காது. `sha256sum -c --quiet` ஓட்டினால், மாறியவற்றையும் காணாமல் போனவற்றையும் அது சொல்லும். பட்டியலில் இல்லாத புதிய கோப்பு ஒன்று கோப்புறைக்குள் வந்து கிடந்தால் மட்டும் அதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்காக நாஸுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மாதம் ஒருமுறை `diff -rq` ஓட்டுவது தொடர்கிறது.